பெட்டியில் 3000, மாடி அறையில் 20: ரூட்டர் வாங்கும் முன் போட்ட கணக்கு

பாளையங்கோட்டையில் அக்கா வீடு. கீழே 1,200 சதுர அடி, மாடியிலும் ஏறக்குறைய அதே அளவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவில் கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்பு 200 எம்பிபிஎஸ். மோடம் ஹாலின் வாசல் பக்க மூலையில், டிவிக்கு மேலே இருக்கிறது. மாடியில் பின்பக்க அறையில்தான் மருமகள் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். அங்கே வீடியோ கால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோகும். "நல்ல ரூட்டரா ஒண்ணு சொல்லு தம்பி, எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல" என்றாள் அக்கா. நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. "எவ்வளவு ஆனாலும்" என்று சொல்கிறவர்கள்தான் பெரும்பாலும் தப்பான பெட்டியை வாங்குகிறார்கள். அதனால் மூன்று வழிகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

ஏசி என்பது வைஃபையின் பழைய தலைமுறை, ஏஎக்ஸ் அதற்கு அடுத்தது. முதல் வழி, ஏசி 1200 ரகத்தில் மலிவான ரூட்டர் ஒன்று. சுமார் 1,500 ரூபாய். இரண்டாவது, ஏஎக்ஸ் 3000 ரகத்தில் நான்கு ஆன்டெனாவோடு வரும் பெரிய ரூட்டர். சுமார் 5,000. மூன்றாவது, ஏஎக்ஸ் 1500 ரகத்தில் இரண்டு சிறிய ரூட்டர்கள், கீழே ஒன்று, மாடியில் ஒன்று, நடுவில் கேபிள். எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. முதல் இரண்டும் கைவசம் இருந்ததால் அந்த வீட்டிலேயே வைத்து அளந்தேன்.

முதலில் அந்த எண்களைப் பிரித்துப் பார்ப்போம். ஏசி 1200 என்றால் 1200 எம்பிபிஎஸ் வேகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது இரண்டு தனித்தனி ரேடியோக்களின் கூட்டுத்தொகை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. கூட்டினால் 1167, அதை மேலே தள்ளி 1200 ஆக்கிவிடுகிறார்கள். உங்கள் போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றோடுதான் பேசும். அப்படியென்றால் 1200 எந்தப் போனுக்கும் கிடைக்காத எண். ஏஎக்ஸ் 1500 என்பது 300-ம் 1201-ம். ஏஎக்ஸ் 3000 என்பது 574-ம் 2402-ம்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 1201-க்கும் 2402-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் சேனலின், அதாவது ரேடியோ காற்றில் பேசும் பாதையின், அகலம் மட்டும்தான். 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1201, அதையே 160 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 2402. அந்த 160-ஐ போனும் பேசத் தெரிந்திருந்தால்தான் இரட்டிப்பு வேகம். பெரும்பாலான போன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் 80-உடன் நின்றுவிடுகின்றன. ஐபோன்களும் அப்படித்தான். சில லேப்டாப்கள் 160-ஐப் பேசும். ஆக அக்கா வீட்டுப் போன்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸில் ஏஎக்ஸ் 3000-ம் ஏஎக்ஸ் 1500-ம் ஒரே ரூட்டர்தான்! இரண்டிலும் இணைப்பு 1201 என்றே காட்டும். பழைய மலிவு போனாக இருந்தால் ஒரே ஆன்டெனாதான் இருக்கும், எந்த ரூட்டரிலும் 433-ஐத் தாண்டாது. இன்னொன்று, அகலமான சேனலில் அதே சக்தி இரண்டு மடங்கு அகலத்துக்குப் பரவுவதால் தூரத்தில் 160 உதவாது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கான வசதி அது.

இந்த 1201-கூட காற்றில் பேசிக்கொள்ளும் வேகம்தான், கைக்கு வரும் வேகம் இல்லை. வந்து சேரும் தரவுப் பொட்டலங்களுக்கு "வந்துவிட்டது" என்று பதில் அனுப்பவேண்டும், பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காத்திருக்கவேண்டும். இதெல்லாம் போக, ரூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை கிடைத்தால் நல்லது. அக்காவின் திட்டமே 200 எம்பிபிஎஸ் என்பதால் அதுவே போதும், இரண்டு ஏஎக்ஸ் ரகமும் ஹாலில் அந்த 200-ஐத் தாராளமாகக் கொடுக்கும்.

ஏசி 1200-இல் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. மலிவான மாடல்கள் பலவற்றில் பின்னால் இருக்கும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடுவது. மோடத்திலிருந்து வரும் கேபிள் அந்தப் போர்ட் வழியாகத்தான் உள்ளே வரும். முன்னால் 1200 என்று எழுதியிருந்தாலும் வாசல் 100-தான். ஹாலில் ரூட்டருக்கு நேர் எதிரே நின்று அளந்தேன். 93 வந்தது. எத்தனை முறை அளந்தாலும் 93, 94. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறி இறங்காமல் 94-இல் வந்து நிற்கிறது என்றால் வைஃபையில் குறை இல்லை, எங்கேயோ ஒரு 100 எம்பிபிஎஸ் கம்பி இருக்கிறது என்று அர்த்தம். 100-க்குக் கீழே திட்டம் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 200 வைத்திருப்பவர்கள் பெட்டியில் "கிகாபிட் போர்ட்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

சரி, பரப்பளவுக்கு வருவோம். ஏஎக்ஸ் 3000 பெட்டியில் 2,000 சதுர அடி என்று போட்டிருந்தது. அக்கா வீட்டுக் கீழ்த்தளம் 1,200 தானே, அத்தான் அதைப் பார்த்துவிட்டு "இது மிஞ்சிப் போகும்" என்றார். 2,000 சதுர அடியை ஒரு வட்டமாக வரைந்தால் அதன் ஆரம் வெறும் 25 அடி. ரூட்டரிலிருந்து எந்தப் பக்கமும் 25 அடி, அவ்வளவுதான். அதுவும் ரூட்டர் நட்டநடுவில் இருக்கும்போது. அக்கா வீட்டில் அது வாசல் பக்க மூலையில் இருக்கிறது. மூலையில் வைத்தால் வட்டத்தின் கால் பங்குதான் வீட்டுக்குள் விழும், 500 சதுர அடி. மிச்ச முக்கால் பங்கு தெருவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிறது.

அடுத்தது சுவர். பெட்டியில் போடும் பரப்பளவு திறந்த இடத்தையோ, ஜிப்சம் பலகையில் தடுத்த வீட்டையோ மனதில் வைத்தது. பலகைத் தடுப்பு சிக்னலில் ஏறக்குறையப் பாதியைத் தின்னும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கைத் தின்றுவிடும். இரண்டு சுவர் தாண்டினால் நூறில் ஒரு பங்கு. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இன்னும் மோசம். சிக்னல் நூறில் ஒன்றாகக் குறைந்தாலும் வைஃபை வேலை செய்யும், அதுதான் அதன் பெருமை. ஆனால் ஒவ்வொரு படியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். மாடிப் பின்பக்க அறைக்குப் போக இரண்டு சுவரும் ஒரு தளமும் தாண்டவேண்டும். அங்கே 5 கிகாஹெர்ட்ஸ் சுத்தமாகத் தெரியவில்லை, போன் தானாக 2.4-க்கு இறங்கிவிட்டது.

"அப்போ சக்தி அதிகமுள்ள ரூட்டரா வாங்கலாமே" என்று அத்தான் கேட்டார். ரூட்டரின் சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால்கூட ஒரு செங்கல் சுவருக்கு அது ஈடாகாது. அதைவிடப் பெரிய சிக்கல், போன் திரும்பப் பேசவேண்டும். போனுக்குள் இருக்கும் ரேடியோவின் சக்தி ரூட்டரைவிடக் குறைவு, பேட்டரியைக் காப்பாற்ற அது சன்னமாகத்தான் பேசும். பெரிய ஆன்டெனா வைத்த ரூட்டர் ஒலிபெருக்கியில் பேசுகிறது, போன் முணுமுணுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் சொல்கிறேன். போனில் வைஃபை கோடுகள் ஓரளவு நன்றாகத் தெரியும், எதிர்முனை பேசுவது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் பேசுவதுதான் அவர்களுக்கு விட்டு விட்டுக் கேட்கும். மருமகளுக்கு நடந்தது இதுதான்.

ஏஎக்ஸ் 3000-ஐ ஹாலில் வைத்து அளந்தபோது ஹாலில் 190, இரண்டு சுவர் தாண்டிய கீழ் படுக்கையறையில் 110, மாடிப் பின்பக்க அறையில் 20. ஏசி 1200-ஐ அதே இடத்தில் வைத்தபோது முறையே 93, 75, 13. பெட்டியில் 1200-க்கும் 3000-க்கும் இருக்கும் தூரம் மாடி அறையில் 13-க்கும் 20-க்கும் இருக்கும் தூரமாகச் சுருங்கிவிட்டது. அதுவும் அந்த 20 எப்போது வந்தது என்று கேட்டால் கதை இன்னும் மாறும்.

ஏஎக்ஸ் 3000 பெட்டியில் "100-க்கு மேற்பட்ட சாதனங்கள்" என்றும் போட்டிருந்தது. அக்கா வீட்டில் எண்ணிப் பார்த்தோம். போன் ஐந்து, லேப்டாப் இரண்டு, டிவி இரண்டு, வைஃபை கேமரா நான்கு, பிரிண்டர், ஏசி, மூன்று ஸ்மார்ட் பிளக், ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர். மொத்தம் 19. நூறில் 19 என்றால் கவலையே இல்லை என்றுதான் தோன்றும். அந்த நூறு என்பது ரூட்டர் தன் பேரேட்டில் எத்தனை பெயரை எழுதி வைத்துக்கொள்ளும் என்பதற்கான எண். எத்தனை பேருக்கு ஒழுங்காகப் பரிமாறும் என்பதற்கான எண் அல்ல. கல்யாண மண்டபத்தில் நாற்காலி எண்ணிக்கையும் பந்தியில் இலை எண்ணிக்கையும் வேறு வேறுதானே, அதே மாதிரி.

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். ஏஎக்ஸ் எனப்படும் வைஃபை 6-இல் பலரை ஒரே மூச்சில் கவனிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் எதிர்முனைச் சாதனமும் வைஃபை 6-ஆக இருந்தால்தான் அது நடக்கும். அக்கா வீட்டுக் கேமராவும் பிளக்கும் பழைய ரகம், 2.4 மட்டும் தெரிந்தவை. ஆகவே அவற்றுக்கு நேரத்தைத்தான் பங்கு போடவேண்டும். யாருக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைவிட, அதை வாங்க ஒரு விநாடியில் எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கணக்கு.

கேமரா ஒவ்வொன்றும் இரவு பகலாக 2 எம்பிபிஎஸ் படம் அனுப்புகிறது. நான்கும் சேர்ந்து 8. 200 எம்பிபிஎஸ் வீட்டில் 8 என்ன பெரிய விஷயம்? கேமரா இருக்கும் இடங்களைப் பாருங்கள். ஒன்று வாசல் கேட்டில், ஒன்று பின்பக்கக் கிணற்றடியில், ஒன்று பக்கவாட்டுச் சந்தில், ஒன்று மொட்டை மாடியில். எல்லாமே சுவருக்கு வெளியே. போனை அந்தந்த இடத்துக்குக் கொண்டுபோய் 2.4-இல் அளந்தபோது சராசரியாக 10 எம்பிபிஎஸ் வந்தது. 10 மட்டுமே முடிகிற இடத்திலிருந்து 2 அனுப்பவேண்டும் என்றால் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். நான்கு கேமராவுக்கு ஐந்தில் நான்கு பங்கு. மிச்சம் ஐந்தில் ஒன்றுதான் வீட்டில் 2.4-இல் இருக்கும் மற்ற எல்லோருக்கும். மாடி அறையில் 20 வந்தது நான் கேமராக்களை அணைத்து வைத்திருந்தபோது. போட்டதும் அதே இடத்தில் 4. இருபதில் ஐந்தில் ஒரு பங்கு, கணக்கு அப்படியே நேர். ஒரு வீடியோ காலுக்கு 3 அல்லது 4 எம்பிபிஎஸ் வேண்டும். அதில் பிளக்கும் பிரிண்டரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் படம் உறையாமல் என்ன செய்யும்?

100 சாதனம் என்று சொல்லும் ரூட்டரை நான்கே நான்கு கேமரா நிரப்பிவிட்டது. இதே கேமராக்கள் ரூட்டருக்குப் பக்கத்தில் இருந்து, 40 எம்பிபிஎஸ் கிடைத்திருந்தால் ஒவ்வொன்றும் இருபதில் ஒரு பங்குதான் எடுத்திருக்கும். நான்கும் சேர்ந்து ஐந்தில் ஒன்று. ஆகவே ஒரு ரூட்டர் எத்தனை சாதனத்தைத் தாங்கும் என்ற கேள்விக்குப் பெட்டியில் பதில் கிடைக்காது. ஸ்மார்ட் பிளக், பல்பு மாதிரி எப்போதாவது ஒரு வார்த்தை பேசும் சாதனங்கள் முப்பது இருந்தாலும் தெரியாது. சதா பேசிக்கொண்டே இருக்கும் கேமரா, டிவி, வீடியோ கால் ஆகியவற்றை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேண்டிய வேகத்தை, அது இருக்கும் இடத்தில் கிடைக்கும் வேகத்தால் வகுங்கள். எல்லாவற்றையும் கூட்டி வரும் எண் ஒரு அலைவரிசைக்குப் பத்தில் ஏழு பங்கை, அதாவது 0.7-ஐ, தாண்டவேண்டாம். அதற்குமேல் போனால் பக்கத்து வீட்டு வைஃபை கொஞ்சம் சத்தம் போட்டாலே தடுமாறும்.

இந்த அளவைப் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டே எடுக்கலாம். ஆனால் அது இணையத்தின் வேகத்தையும் சேர்த்து அளக்கும். வைஃபையை மட்டும் தனியாகப் பார்க்க, விண்டோஸ் லேப்டாப்பை அந்த அறைக்கு எடுத்துப்போய் இதைத் தட்டுங்கள்.

```
netsh wlan show interfaces
ping -n 50 192.168.1.1
```

முதல் வரியில் Receive rate, Signal இரண்டையும் பாருங்கள். காற்றில் இப்போது எந்த வேகத்தில் பேசுகிறது என்பது தெரியும். இரண்டாவது வரியில் உங்கள் ரூட்டரின் முகவரியைப் போடவேண்டும். பதில் வரும் நேரம் பெரும்பாலும் 10 மில்லிவிநாடிக்குள் இருந்தால் நல்லது. அவ்வப்போது 200, 300 என்று துள்ளினால் காற்றில் நெரிசல் இருக்கிறது. ஏஎக்ஸ் 3000 இருந்தபோது மாடி அறையில் ஐம்பதில் ஒன்பது பதில் 200-ஐத் தாண்டியது.

இவ்வளவும் பார்த்தபின் மூன்றாவது வழிதான் என்று முடிவு செய்தோம். ஏஎக்ஸ் 1500 இரண்டு. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பல மாடல்களில் பழைய வைஃபை 4-தான், 300 என்ற எண்ணே அதைக் காட்டிக்கொடுக்கும். கேமராவும் பழையது என்பதால் எங்களுக்கு அது நஷ்டமில்லை. போர்ட் கிகாபிட்டா என்று மட்டும் பார்த்து வாங்கினேன்.

கேபிளை வீட்டுக்குள் உடைக்காமல், ஹால் ஜன்னல் ஓரமாக வெளியே எடுத்து மழைநீர்க் குழாயோடு கட்டி மாடிக்கு ஏற்றினோம். 22 மீட்டர். வெயில் படும் இடம் என்பதால் கறுப்பு உறை போட்ட வெளிப்புற கேபிள், முழுச் செம்பு. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும், அதைத் தொடவேண்டாம். போட்டு முடித்து மாடியில் அளந்தால் 94! என் கைவேலைதான். எட்டு கம்பியில் ஒன்று கிளிப்பில் சரியாக உட்காரவில்லை. நான்கு ஜோடியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட் ஓடும், ஒன்று போனால், 100-க்கு வேண்டிய இரண்டு ஜோடி நன்றாக இருக்கும்வரை அவற்றை வைத்துக்கொண்டு 100-க்கு இறங்கிவிடும். முனையை வெட்டித் திரும்ப கிரிம்ப் செய்ததும் 188.

மாடி ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலையில் வைத்தேன். அப்படி வைக்காவிட்டால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும், மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியாது. பெயரும் கடவுச்சொல்லும் இரண்டிலும் ஒன்றே. சேனல் மட்டும் வேறு: 2.4-இல் கீழே 1, மாடியில் 11. 5-இல் கீழே 36, மாடியில் 149. அப்போதுதான் இரண்டும் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடாமல் தனித்தனி நேரத்தைப் பங்கு போடும். மொட்டை மாடிக் கேமராவும் கிணற்றடிக் கேமராவும் மாடிக்குப் போய்விட்டன, மற்ற இரண்டும் கீழே. அப்புறம் இரண்டு ரூட்டரிலும் சக்தியை நடுத்தரத்துக்குக் குறைத்தேன். முழுச் சக்தியில் விட்டால் மாடிக்கு ஏறிய போனும் கீழ் ரூட்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருக்கும்.

எல்லோருக்கும் இதே வழி என்று சொல்லமாட்டேன். 800 சதுர அடி ஃபிளாட்டில், நடுவில் ஹால் இருந்து மோடத்தை அங்கே வைக்க முடிந்தால், ஒரே ஒரு ஏஎக்ஸ் 1500 போதும். மோடத்தில் ஏற்கெனவே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதுவே போதுமா என்று முதலில் அளந்து பாருங்கள். ஏஎக்ஸ் 3000-க்கு இடம் உண்டு: 500-க்கு மேல் திட்டம் இருந்து, 160 பேசும் லேப்டாப்பும் இருந்து, ரூட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பெரிய பெரிய கோப்புகளை அனுப்புகிறவர் என்றால் கொடுக்கும் காசுக்குப் பலன் கிடைக்கும்.

கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீடு என்றால் மெஷ் ஜோடி, அதாவது கம்பியில்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு பெட்டி. அதில் இரண்டாவது பெட்டி, வாங்கிய பொட்டலத்தை அதே ரேடியோவில் மறுபடி பேசவேண்டியிருப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். 20-ஐ வைத்துக்கொண்டு திண்டாடுவதற்கு, 190-இல் பாதி எவ்வளவோ மேல். வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே கொண்டுபோய் வைப்பார்கள். அந்தப் பெட்டிக்கும் அங்கே சிக்னல் இருக்காது. மாடிப்படி திருப்பத்தில் வையுங்கள். கான்கிரீட் தளத்தில் ஓட்டை இருக்கும் ஒரே இடம் அதுதான்.

மருமகள் அறையில் இப்போது அதே ஐம்பது பிங்கில் அதிகபட்சம் 14 மில்லிவிநாடி. நான்கு கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது.